தொள்ளாயிரம் மீட்டர் நடக்க எவ்வளவு நேரம் ஆகும்?

எங்கள் வீட்டு வாசலிலிருந்து ரயில் நிலையத்தின் முகப்பு வரை சரியாக 900 மீட்டர். கைப்பேசியின் வரைபடம் இதை 11 நிமிட நடை என்று காட்டுகிறது, நான் தனியாக நடந்தால் அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சென்ற ஆண்டு ஒரு திருமணத்திற்காக 74 வயதான என் தாயையும் நாலரை வயது மகளையும் அழைத்துக்கொண்டு காலை 6.35 மணி ரயிலுக்குப் புறப்பட்டபோது, 11 நிமிடத்தை இரண்டால் பெருக்கி, அதற்கு மேல் மூன்று நிமிடம் சேர்த்து, 6.10 மணிக்கு வீட்டைப் பூட்டத் தொடங்கினேன். நிலைய முகப்பை நாங்கள் அடைந்தபோது மணி 6.47. வழியில் யாரும் விழவில்லை, யாருக்கும் உடல்நலம் கெடவில்லை, எந்தத் தடையும் குறுக்கிடவில்லை. எல்லாம் இயல்பாக நடந்தும் 37 நிமிடம் ஆகியிருந்தது.

நான் இயன்முறைச் சிகிச்சையாளன். முதியவர்களின் நடைவேகத்தை அளப்பது என் அன்றாடத் தொழில். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் என் தாயை நடக்கவிட்டு, அவருடைய வேகத்தை ஒரு நிமிடத்தில் சொல்லிவிட என்னால் முடியும். அப்படியிருந்தும் சொந்தக் குடும்பத்தின் தொள்ளாயிரம் மீட்டரைப் பன்னிரண்டு நிமிடம் குறைத்து மதிப்பிட்டேன் என்பது என்னை வெகுவாகப் பாதித்தது. அடுத்த சில வாரங்களில் அதே பாதையில் தாயுடன் மட்டும் பத்து முறையும், மகளுடன் மட்டும் பத்து முறையும் நடந்து நேரத்தைக் குறித்துக்கொண்டேன். அந்தக் குறிப்புகளிலிருந்து நான் தெரிந்துகொண்டதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் வேகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். நலமாக உள்ள நடுவயதினர் ஒருவர் அவசரமின்றி நடந்தால் விநாடிக்கு ஏறத்தாழ 1.2 முதல் 1.4 மீட்டர் வரை கடப்பார். ஜப்பானில் வீட்டு விளம்பரங்களில் "நிலையத்திலிருந்து இத்தனை நிமிட நடை" என்று குறிப்பிடும்போது 80 மீட்டருக்கு ஒரு நிமிடம் என்று கணக்கிடவேண்டும் என ஒரு விதியே இருக்கிறது; அதுவும் விநாடிக்கு 1.33 மீட்டர்தான். கைப்பேசி வரைபடங்கள் காட்டும் நேரமும் மணிக்குச் சுமார் 5 கிலோமீட்டர் என்ற இதே அளவை ஒட்டியே அமைகிறது. இந்த எண்கள் எல்லாம் கால் நீளமும் தசை வலுவும் முழுமையாக உள்ள ஒரு உடலைக் கருதி எழுந்தவை. குழந்தைக்கு முதலாவது இன்னும் வரவில்லை. முதியவருக்கு இரண்டாவது குறைந்துவிட்டது. இரண்டு பேரும் "மெதுவாக நடப்பவர்கள்" என்று ஒரே சொல்லில் நாம் சொல்லிவிடுகிறோம், ஆனால் அவர்கள் தாமதமாவதற்கான காரணங்கள் முற்றிலும் வேறு. ஆகவே அவர்களுக்கான கணக்கும் வேறாகத்தான் இருக்கவேண்டும்.

குழந்தையின் கால் குட்டையானது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. அது வேகத்தை எவ்வளவு குறைக்கும் என்பதற்கு ஓர் எளிய இயற்பியல் உறவு உண்டு. நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் நம் உடல் ஊன்றிய காலின்மேல் தலைகீழ் ஊசல் போல வளைந்து கடக்கிறது. அந்த ஊசலின் நீளம் காலின் நீளம். எனவே இயல்பான நடைவேகம் கால் நீளத்தின் வர்க்கமூலத்திற்கு ஏற்ப மாறும். என் கால் இடுப்பிலிருந்து தரை வரை 90 சென்டிமீட்டர். மகளுடையது அப்போது 48 சென்டிமீட்டர். 48-ஐ 90-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.73 வருகிறது. என் வேகம் விநாடிக்கு 1.3 மீட்டர் என்றால், அவளுடைய இயல்பான வேகம் அதில் 73 விழுக்காடு, அதாவது 0.95 மீட்டராக இருக்கவேண்டும். தெருவில் 10 மீட்டருக்குச் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு, விளையாட்டாக இல்லாமல் என் கையைப் பிடித்தபடி அவளை நடக்கச் செய்து அளந்தபோது, ஏறத்தாழ பத்தரை விநாடி ஆயிற்று. கணக்கும் அளவும் ஒத்துப்போனதைப் பார்த்து எனக்கு உண்மையான மகிழ்ச்சி ஏற்பட்டது.

அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் டேவிட் சதர்லாந்து குழுவினர் குழந்தைகளின் நடையைப் படமெடுத்து ஆராய்ந்து 1980-இல் வெளியிட்ட அளவுகளும் இதே திசையைத்தான் காட்டுகின்றன. ஒரு வயதில் விநாடிக்கு 0.64 மீட்டர், மூன்று வயதில் 0.86, ஏழு வயதில் 1.14. இதில் நாம் கவனிக்கவேண்டிய மற்றொன்று, ஒரு வயதுக் குழந்தை அந்த 0.64 மீட்டரை எட்டுவதற்கே நிமிடத்திற்கு 170-க்கும் மேற்பட்ட அடிகள் வைக்கிறது என்பது. பெரியவர்கள் இயல்பாக நடக்கும்போது வைப்பது 110 முதல் 120 அடிகள்தாம். கால் குட்டையாக இருப்பதை அடிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக் குழந்தைகள் ஈடுசெய்கிறார்கள். நாம் நம் வேகத்திலேயே நடந்து குழந்தையின் கையைப் பிடித்து இழுத்துச் செல்லும்போது அவளிடம் என்ன கேட்கிறோம் என்பதையும் அதே வர்க்கமூலம் சொல்லிவிடுகிறது: விநாடிக்கு 1.3 மீட்டர் என்பது 48 சென்டிமீட்டர் காலுக்கு, நாம் மணிக்கு ஏறத்தாழ 6.4 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பதற்கு ஒப்பானது. அதைச் சில நிமிடங்கள் செய்யலாம். பத்து நிமிடம் தொடர்ந்தால் எந்தக் குழந்தையும் "தூக்கிக்கோ" என்று கையை உயர்த்தும். அது பிடிவாதம் அன்று, களைப்பு.

ஆனால் வேகம் மட்டுமே காரணமாக இருந்திருந்தால் மகள் 900 மீட்டரைப் பதினாறு நிமிடத்தில் முடித்திருப்பாள். அவளுடன் மட்டும் நான் நடந்த பத்து மாலைகளில் மிகக் குறைந்தது 17 நிமிடம், மிக அதிகம் 31 நிமிடம், நடுவளவு 22 நிமிடம். ஒரே குழந்தை, ஒரே பாதை, ஏறத்தாழ இரண்டு மடங்கு வேறுபாடு. காரணம் அவள் நின்ற இடங்கள். எண்ணிப்பார்த்தபோது நூறு மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு முறை நின்றாள். ஒவ்வொரு நிறுத்தமும் சராசரியாக நாற்பது விநாடி. வாய்க்கால் மதகில் மீன் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு, கட்டுமானத்திற்காகக் கொட்டிய ஜல்லிக் குவியலில் ஏறி இறங்குவதற்கு, செருப்புக்குள் புகுந்த கல்லை எடுப்பதற்கு. மழை பெய்து ஓய்ந்த மாலையில் குட்டைகள் இருந்ததால்தான் 31 நிமிடம் ஆயிற்று. ஆகவே சின்னக் குழந்தையின் நேரத்தைக் கணிக்க விரும்பினால் குழந்தையின் வேகத்தை அளப்பதைவிடப் பாதையைப் பார்ப்பது பயன் தரும்: வழியில் தண்ணீர், மணல், விலங்குகள், ஏறக்கூடிய திட்டுகள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடத்திற்குச் சற்றுக் குறைவாக வைத்துக்கொண்டால் கணக்கு பெருமளவு சரியாக வரும். பழகிய பாதையில் நிறுத்தங்கள் குறையும் என்று நான் எதிர்பார்த்தேன், அவ்வாறு குறையவில்லை. தனக்குப் பிடித்த மதகு எங்கே வரும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதால் அங்கே நிற்பது வழக்கமாகவே ஆகிவிட்டது.

என் தாயின் குறிப்புகள் இதற்கு நேர் எதிரானவை. பத்து நடைகளில் மிகக் குறைந்தது 25 நிமிடம், மிக அதிகம் 30. வேகம் குறைவு, ஆனால் மாற்றம் மிகச் சிறியது. இந்த நிலைத்தன்மை முதியவர்களின் நேரத்தைக் கணிப்பதை எளிதாக்குகிறது, ஒருமுறை சரியாக அளந்துவிட்டால்.

அந்த அளவை எப்படி எடுப்பது என்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள், தொழில்முறையாளர்கள் உட்பட. சமதளமான தெருவில் 10 மீட்டரை அளந்து இரு கோடுகள் போடவேண்டும். முதல் கோட்டுக்கு இரண்டு மீட்டர் முன்பிருந்தே அவர் நடக்கத் தொடங்கவேண்டும். இரண்டாவது கோட்டைத் தாண்டி இரண்டு மீட்டர் சென்ற பிறகே நிற்கவேண்டும். இல்லாவிட்டால் புறப்படும்போது வேகம் எடுப்பதும் நிற்பதற்காக வேகம் குறைப்பதும் அளவில் கலந்துவிடும். எப்போதும் அணியும் செருப்பு, எப்போதும் பிடிக்கும் கைத்தடி, எப்போதும் எடுத்துச் செல்லும் பை ஆகியவை இருக்கவேண்டும். "வேகமா நடந்து காட்டுங்க" என்று சொல்லக்கூடாது. "கடைக்குப் போற மாதிரி நடங்க" என்று சொல்லவேண்டும். அப்படிச் சொன்னாலும் பார்வையாளர் இருக்கும்போது எல்லோரும் சற்று விறைப்பாக நடப்பார்கள். என் தாய்க்கு முதல் தடவை 11 விநாடி, மூன்றாவது தடவை 13 விநாடி ஆயிற்று. 13 தான் உண்மை என்று எடுத்துக்கொண்டேன், ஏனெனில் அவர் அளவெடுப்பதை மறந்து பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தபடி நடந்த தடவை அது. 10 மீட்டருக்கு 13 விநாடி என்றால் விநாடிக்கு 0.77 மீட்டர், நிமிடத்திற்கு 46 மீட்டர். 900 மீட்டருக்கு ஏறத்தாழ பத்தொன்பதரை நிமிடம்.

அவருடைய வேகம் விதிவிலக்கானது அன்று. இங்கிலாந்தில் 65 வயதுக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆண்களின் சராசரி விநாடிக்கு 0.9 மீட்டராகவும் பெண்களின் சராசரி 0.8 மீட்டராகவும் இருந்தது. அங்கே சாலைச் சந்திப்புகளின் பச்சை விளக்கு நேரம் விநாடிக்கு 1.2 மீட்டர் என்ற கணக்கில் அமைக்கப்பட்டிருந்தது. 14 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க 1.2 மீட்டர் வேகத்தினருக்குப் பன்னிரண்டு விநாடி போதும், என் தாய்க்குப் பதினெட்டு விநாடி வேண்டும். அமெரிக்காவில் 2009-இல் இந்த அளவை விநாடிக்கு 1.07 மீட்டராகக் குறைத்தார்கள். சிங்கப்பூரில் அதே ஆண்டு முதல் முதியவர்கள் தங்கள் அட்டையைச் சந்திப்புக் கம்பத்தில் வைத்தால் பச்சை விளக்கு சில விநாடிகள் கூடுதலாக எரியும் ஏற்பாடு வந்தது. எங்கள் ஊர்ப் பாதையில் விளக்கே இல்லாத ஒரு நெடுஞ்சாலைக் கடப்பு இருக்கிறது. அங்கே நடந்து கடக்கும் நேரத்தைவிட, பதினெட்டு விநாடி இடைவெளி கிடைக்கும் வரை காத்திருக்கும் நேரம்தான் அதிகம். எனக்கு ஆறு விநாடி இடைவெளி கிடைத்தால் பாதி சாலையைத் தாண்டி நடுவில் நின்றுவிடுவேன். அவரால் அப்படி முடியாது. காலை வேளையில் இந்தக் காத்திருப்பு ஒன்றரை நிமிடம்.

வேகத்தை அளந்தாயிற்று என்று அத்தோடு நின்றுவிட்டால் மறுபடியும் ரயிலைத் தவறவிட நேரும். 10 மீட்டர் நடை என்பது களைப்பு வருவதற்கு முன்பான நடை. மருத்துவத்தில் இதற்காகவே ஆறு நிமிட நடைச் சோதனை என்ற ஒன்று வைத்திருக்கிறோம். 30 மீட்டர் தாழ்வாரத்தில் ஆறு நிமிடம் போய்த் திரும்பிக்கொண்டே இருந்து, மொத்தம் எவ்வளவு தூரம் கடந்தார் என்று பார்ப்போம். வீட்டில் அதைச் செய்யவேண்டியதில்லை. தெருவில் கூடவே நடந்து, எத்தனையாவது மீட்டரில் அவர் உட்கார இடம் தேடுகிறார் என்று பார்த்தால் போதும். என் தாய் 300 மீட்டருக்கு ஒருமுறை தேடினார். அப்படியானால் 900 மீட்டரில் இரண்டு ஓய்வுகள், ஒவ்வொன்றும் மூன்று நிமிடம்.

எதற்காக ஓய்வு என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும், ஏனெனில் ஓய்வின் வகையைப் பொறுத்து நேரம் மாறும். கெண்டைக்காலில் பிடித்து இழுக்கும் வலி ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே தூரத்தில் வந்து, நின்றவாறே இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கிவிட்டால், அது காலுக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். அவர் நிற்க இடம் கிடைத்தால் போதும், நாற்காலி தேவையில்லை. இடுப்பிலிருந்து இரு கால்களுக்கும் இறங்கும் மரப்பும் வலியும், நின்றால் குறையாமல் உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ மட்டும் குறைந்தால், அது முதுகுத்தண்டின் குழாய் குறுகியதால் வருவதாக இருக்கலாம். அவருக்குத் திண்ணையோ பெஞ்சோ கட்டாயம் வேண்டும், அது இருக்கும் இடத்தை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளவேண்டும். மூச்சு வாங்கி மூன்று சொற்களுக்கு மேல் தொடர்ந்து பேச முடியாமல் நின்றால், நேரக் கணக்கு இருக்கட்டும், முதலில் மருத்துவரைப் பார்க்கவேண்டும். என் தாய் இரண்டாவது வகை. நின்றால் அவருக்கு ஓய்வு கிடைக்காது என்ற இந்தச் செய்திதான் அன்றைய 37 நிமிடத்தைப் புரிந்துகொள்ள எனக்குக் கிடைத்த திறவுகோல்.

தாயுடன் மட்டும் நடந்தால் பத்தொன்பதரை நிமிட நடை, ஆறு நிமிட ஓய்வு, ஒன்றரை நிமிடச் சாலைக் காத்திருப்பு என்று 27 நிமிடம் ஆகிறது. மகளுடன் மட்டும் நடந்தால் நடுவளவாக 22 நிமிடம். இருவரையும் ஒன்றாக அழைத்துச் சென்றால் மெதுவாக நடப்பவரின் நேரம்தானே மொத்த நேரமாக இருக்கவேண்டும், ஆகவே 27 நிமிடம் போதும் என்று தோன்றும். என் உள்மனத்தில் இருந்த கணக்கும் அதுதான். நான் ஒதுக்கிய 25 நிமிடமோ அதைவிடவும் இரண்டு நிமிடம் குறைவு. ஆனால் அன்று நடந்தது வேறு.

மகள் மதகில் நின்றபோது அவளுடைய அப்பாயியும் நின்றார். அந்த நாற்பது விநாடி அவளுக்கு விளையாட்டு, எனக்கு அவசரம், அவருக்கு இடுப்பு வலி. நிமிர்ந்து அசையாமல் நிற்பது அவருக்கு நடப்பதைவிடக் கடினம் என்பதை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை. பிறகு நாங்கள் தேநீர்க்கடை பெஞ்சில் உட்கார்ந்தபோது மகள் ஏற்கெனவே தன் ஆர்வத்தை மதகில் தீர்த்துவிட்டிருந்தாள். உட்கார மனமில்லாமல் "போலாம், போலாம்" என்று கையை இழுத்தாள். ஒருவருடைய நிறுத்தம் மற்றவருக்குப் பயன்படவில்லை. ஒன்பது நிறுத்தங்களில் ஏறத்தாழ இரண்டு மட்டுமே அப்பாயி உட்கார்ந்திருந்த நேரத்தோடு சேர்ந்து வந்தன. மற்றவை ஏழும் மொத்த நேரத்தில் நாலரை நிமிடத்தைக் கூட்டின. அதோடு, இடையிடையே நிற்கவைத்ததால் அவருக்கு மூன்றாவதாக ஒரு ஓய்வும் தேவைப்பட்டது. அது மேலும் மூன்று நிமிடம்.

இன்னொன்றையும் அன்று கவனித்தேன். மகள் கேள்வி கேட்டுக்கொண்டே வருவாள். அப்பாயி பதில் சொல்வதற்கு ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவார். இது அன்பினால் மட்டும் நிகழ்வதன்று. வயதானபின் நடையே கவனத்தைக் கோரும் வேலையாகிவிடுகிறது. பேச்சுக்கும் நடைக்கும் ஒரே கவனத்தைப் பங்கிட முடியாதபோது உடல் நடையை நிறுத்திவிடுகிறது. பேச்சுக் கொடுத்தால் நடையை நிறுத்திவிடும் முதியவர்கள் அடுத்து வரும் மாதங்களில் விழுந்துவிடும் வாய்ப்பு அதிகம் என்று சுவீடனில் ஒரு முதியோர் குடியிருப்பில் செய்த ஆய்வு 1997-இல் காட்டியது. இதை நான் நோயாளிகளின் குடும்பத்தாரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். என் தாய் அதையே செய்கிறார் என்று என் கண்ணில் பட்டது அன்று ரயில் நிலையத்திற்குப் போகும் வழியில்தான். "நீ முன்னால போடா தம்பி, நாங்க பேசிக்கிட்டே வர்றோம்" என்று அவர் சொன்னபோது, அந்தச் சொற்களுக்குள் எத்தனை நிமிடம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்: பத்தொன்பதரை நிமிட நடை, இரண்டு ஓய்வுகளுக்கு ஆறு, மகளின் நிறுத்தங்களுக்கு நாலரை, கூடுதல் ஓய்வுக்கு மூன்று, நெடுஞ்சாலையில் ஒன்றரை. இதற்கு முன்பாக, செருப்பு மாட்டவும், மகள் கடைசி நேரத்தில் தண்ணீர் கேட்கவும், தாய் பின்கதவுத் தாழ்ப்பாளை மறுபடி பார்த்துவிட்டு வரவும் மூன்று நிமிடம். மொத்தம் முப்பத்தேழரை. அன்று ஆனது 37.

இந்த எண்ணையும் அப்படியே எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் புறப்படக்கூடாது. இது நடுவளவான நாளின் கணக்கு. பாதி நாட்களில் இதைவிட அதிகமாகும். கோயிலுக்கோ உறவினர் வீட்டுக்கோ போவதற்கு நடுவளவு போதும், ஐந்து நிமிடம் தாமதமானால் ஒன்றும் கெடாது. ரயிலுக்கு, மருத்துவரின் முன்பதிவு நேரத்திற்கு, தேர்வுக்கு என்றால் பத்து நாட்களில் ஒன்பது நாட்களுக்காவது போதுமான நேரத்தை எடுக்கவேண்டும். இங்கேதான் பத்துத் தடவை குறித்து வைத்தது உதவிற்று. மகளின் பத்து நேரங்களை வரிசைப்படுத்தினால் ஒன்பதாவது 28 நிமிடம், அதாவது நடுவளவைவிட ஆறு நிமிடம் கூடுதல். தாயின் ஒன்பதாவது 29 நிமிடம், இரண்டே நிமிடம் கூடுதல். இருவருக்கும் ஒரே காலையில் மிக மோசமாக அமைவது அரிது என்பதால் பெரியதான ஆறு நிமிடத்தை மட்டும் சேர்த்துக்கொண்டேன். நிலைய முகப்பை அடைய 44 நிமிடம்.

முகப்பை அடைவது ரயிலை அடைவதாகாது. எங்கள் ரயில் வரும் இரண்டாவது நடைமேடைக்கு மேம்பாலம் ஏறித்தான் போகவேண்டும். ஏற 42 படிகள், இறங்க 42 படிகள். என் தாய் ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் ஊன்றிய பிறகே அடுத்த படிக்குப் போவார். ஏறும்போது ஒரு படிக்கு இரண்டரை விநாடி, இறங்கும்போது மூன்று விநாடி. முழங்கால் தேய்ந்தவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதே மெதுவாக இருக்கும், இதை நிறையப் பேர் மாற்றி நினைக்கிறார்கள். மேலே ஒரு நிமிடம் கைப்பிடியைப் பற்றிக் குனிந்து நின்றுவிட்டு, பாலத்தைக் கடந்து இறங்க மொத்தம் ஐந்தரை நிமிடம். அதன்பின் பெட்டி. ஒரு ரயில் பெட்டி 22 முதல் 24 மீட்டர் நீளம் இருக்கும். நிமிடத்திற்கு 46 மீட்டர் நடப்பவருக்கு ஒவ்வொரு பெட்டியும் அரை நிமிடம். எட்டுப் பெட்டி தள்ளி நிற்கவேண்டியிருந்தால் நான்கு நிமிடம். நீண்டதூர விரைவு ரயில்களில் 24 பெட்டிகள் வரை இருக்கும். தவறான முனையில் நின்றுவிட்டால் அவருக்குப் பன்னிரண்டு நிமிடம் தேவை, ரயில் நிற்பதோ சிறிய ஊர்களில் ஒன்றிரண்டு நிமிடம். எங்கள் கணக்கின் முடிவில் 54 நிமிடம் வந்தது. நான் ஒதுக்கியது 25.

இந்த எண் கிடைத்தபின் பாதையை வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினேன். 300 மீட்டரில் வலி வந்தபிறகு மூன்று நிமிடம் உட்காருவதற்குப் பதிலாக, வலி வருவதற்கு முன்பே 200 மீட்டரில் ஒரு நிமிடம் உட்கார்ந்தால் என்ன என்று முயன்று பார்த்தோம். பிள்ளையார் கோயில் திண்ணை, தேநீர்க்கடை பெஞ்சு, மூடியிருக்கும் அரிசி ஆலையின் வாசற்படி, மருந்துக்கடை நாற்காலி என்று நான்கு இடங்கள் கிடைத்தன. நான்கு முறை உட்கார்ந்தும் ஓய்வு நேரம் ஆறிலிருந்து நான்கு நிமிடமாகக் குறைந்தது, கடைசி 200 மீட்டரில் அவருடைய வேகமும் தளரவில்லை. எல்லோருக்கும் இப்படியே பலிக்கும் என்று நான் சொல்லமாட்டேன்; இடுப்பு வலியால் நிற்பவர்களுக்குப் பொருந்தும் என்பது என் அனுபவம். மகளுக்கு மதகில் மட்டும் ஒரு நிமிடம் முழுமையாகக் கொடுத்துவிட்டு, மற்ற இடங்களுக்குப் பதிலாக அப்பாயி உட்காரும் நான்கு இடங்களிலும் அவள் என்ன பார்க்கலாம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தோம். ஆலை வாசலில் எறும்புப் புற்று இருக்கிறது. மருந்துக்கடையில் எடை பார்க்கும் இயந்திரம் இருக்கிறது. நிறுத்தங்கள் ஒன்றோடொன்று சேரத் தொடங்கின. மூன்று வாரம் கழித்து அதே ரயிலுக்கு மறுபடியும் போனபோது முகப்பை அடைய 31 நிமிடம் ஆயிற்று.

நாற்பது பாகைக்கு அருகில் வெயில் இருக்கும் சித்திரை, வைகாசியில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. பகல் பதினோரு மணிக்கு மேல் இருவரையும் நடத்தி அழைத்துச் செல்வதையே தவிர்த்துவிடுகிறேன். தூரம் கூடினாலும் இதே எண்களைப் பெருக்கிக்கொண்டே போகக்கூடாது. திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். நிமிடத்திற்கு 46 மீட்டர் என்று வகுத்தால் ஐந்து மணி நேரம் என்று விடை வரும், ஆனால் என் தாயின் நடை இரண்டாவது கிலோமீட்டரிலேயே 40 மீட்டருக்கு இறங்கிவிடும், ஓய்வு இடைவெளியும் 300-லிருந்து 200, 150 என்று சுருங்கும். ஒருவர் வழக்கமாக நடக்கும் மிக நீண்ட தூரம் எதுவோ, அதன் ஒன்றரை மடங்கு வரைதான் இந்த முறையில் கணிக்க நான் துணிவேன்.

அளவை அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும். குழந்தையின் கால் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வளர்கிறது. ஆறு மாதத்திற்கு ஒருமுறை பார்த்தால் போதும். முதியவருக்கு மாதம் ஒருமுறை அதே 10 மீட்டர். தசை நலிவை மதிப்பிடும்போது ஐரோப்பிய மருத்துவர்கள் விநாடிக்கு 0.8 மீட்டரையும், ஆசிய நாடுகளின் மருத்துவக் குழு 2019-இல் 1.0 மீட்டரையும் எல்லையாக வைத்து, அதற்குக் குறைந்தால் கூர்ந்து கவனிக்கவேண்டும் என்றார்கள். என் தாய் இரண்டு எல்லைக்கும் கீழே இருக்கிறார். எனவே அவருக்கு நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியைத் தொடங்கினோம். நாளுக்கு இருமுறை, முறைக்குப் பத்துத் தடவை. சில வாரங்களுக்குள் ஒரு தடவை திடீரென்று 13 விநாடி 16 ஆகிவிட்டால், அது வயதின் இயல்பான தளர்ச்சி அன்று. காய்ச்சல், புதிய மாத்திரை, பாதத்தில் புண், பார்வை மங்கல் போன்ற ஏதோவொன்று இருக்கும், தேடவேண்டும். ஒருமுறை அப்படி ஆனது. தேடியபோது வலது கால் கட்டைவிரல் நகம் உள்ளே வளர்ந்து, அவர் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது தெரிந்தது. நகத்தைச் சரிசெய்த பத்தாவது நாள் சுண்ணாம்புக் கோடுகளுக்கு இடையே மறுபடியும் நடக்கச் சொன்னேன், பன்னிரண்டரை விநாடி.